திரையில் ஒரு விலை, கணக்கில் ஒரு விலை

மத்திய அரசின் கடன் பத்திரங்களைச் சாதாரண மனிதர்கள் இடைத்தரகர் இல்லாமல் வாங்குவதற்காக ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் 'ரீடெய்ல் டைரக்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 10,000 ரூபாய் முகமதிப்பிலிருந்து வாங்கலாம். வட்டிக்கு அரசாங்கமே பொறுப்பு. வங்கி டெபாசிட்டைத் தவிர வேறெதையும் நம்பாதவர்களுக்குக்கூடச் சபலம் தட்டுகிற ஏற்பாடுதான். ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பத்திரத்தைச் சந்தையில் முதன்முதலாக வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு சந்தேகத்தோடுதான் திரையை மூடுகிறார். விலை என்று போட்டிருந்தது ஒன்று. வங்கிக் கணக்கிலிருந்து போனது இன்னொன்று. அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசம் அல்ல.

ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு பார்த்துவிடலாம். '7.18% ஜி.எஸ். 2033' என்று பெயர். 2023 ஆகஸ்டு 14 அன்று வெளியிடப்பட்டது. 2033 ஆகஸ்டு 14 அன்று முதிர்வடைகிறது. 100 ரூபாய் முகமதிப்புக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் 18 காசு வட்டி. அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிப்ரவரி 14, ஆகஸ்டு 14 தேதிகளில் 3 ரூபாய் 59 காசாகத் தருவார்கள். இந்த அரையாண்டு வட்டிக்குக் கூப்பன் என்று பெயர். பத்திரம் காகிதமாக இருந்த காலத்தில் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைக் கத்தரித்துக் கொடுத்து வட்டி வாங்கினார்கள். காகிதம் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

நீங்கள் 2025 ஜூன் 23, திங்கட்கிழமை அன்று இந்தப் பத்திரத்தில் ஒரு லட்சம் ரூபாய் முகமதிப்புக்கு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் விலை 105 ரூபாய் (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்ணாகப் போட்டிருக்கிறேன்). அப்படியானால் 1,05,000 ரூபாய்தானே ஆக வேண்டும்? ஆனால் நீங்கள் கட்ட வேண்டியது ரூ. 1,07,592.78. அதிகப்படியான 2,592 ரூபாய் 78 காசு தரகும் அல்ல, வரியும் அல்ல. அது விற்றவருக்குப் போய்ச் சேருகிறது.

நிலத்தோடு பழகியவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. குத்தகைக்கு விட்ட வயலை அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பு ஒருவர் விற்கிறார். அறுவடை முடிந்ததும் குத்தகைக்காரர் முழுக் குத்தகையையும் அன்றைய நிலச் சொந்தக்காரரிடம், அதாவது வாங்கியவரிடம், அளந்துவிடுவார். அதுவரை நான்கு மாதம் நிலத்தை வைத்திருந்தவர் சும்மா இருப்பாரா? தன் பங்கை விலையோடு சேர்த்து முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொள்வார். பத்திரத்தில் நடப்பதும் இதேதான். ஆகஸ்டு 14 அன்று பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு முழு அரையாண்டு வட்டியையும் அரசு கொடுத்துவிடும். இடையில் கை மாறியதா, எத்தனை தடவை மாறியது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. அந்தக் கணக்கை வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படித் தீர்க்கிறார்கள்? நீங்கள் திங்கட்கிழமை ஒப்பந்தம் செய்தாலும் பணமும் பத்திரமும் கை மாறுவது அடுத்த வேலை நாளான ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. எனவே வட்டிக் கணக்கு அந்தத் தேதி வரைக்கும். கடைசியாக வட்டி கொடுத்த நாள் பிப்ரவரி 14. அரசுப் பத்திரங்களுக்கு மாதம் என்றால் 30 நாள், ஆண்டு என்றால் 360 நாள் என்று கணக்கு வைப்பது நம் நாட்டு வழக்கம். அதன்படி பிப்ரவரி 14 முதல் ஜூன் 14 வரை நான்கு மாதம், 120 நாள். பிறகு ஒரு 10 நாள். மொத்தம் 130 நாள். 7.18-ஐ 130-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் 100 ரூபாய்க்கு 2.5928 ரூபாய். ஒரு லட்சத்துக்கு ரூ. 2,592.78. அதாவது விற்றவர் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த நாட்களில் சேர்ந்துவிட்ட, ஆனால் இன்னும் கைக்கு வராத வட்டி.

ஆகஸ்டு 14 அன்று உங்களுக்கு 3,590 ரூபாய் வருகிறது. அதில் 2,592.78 நீங்கள் முன்பணமாகக் கொடுத்தது. மீதி 997 ரூபாய் 22 காசுதான் உங்களுடைய 50 நாள் சம்பாத்தியம். 7.18-ஐ 50-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே தொகைதான் வரும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

திரையில் தெரியும் 105-ஐ ஆங்கிலத்தில் 'கிளீன் பிரைஸ்' என்கிறார்கள். வட்டியும் சேர்ந்த 107.5928-ஐ 'டர்ட்டி பிரைஸ்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் சுத்த விலை, அழுக்கு விலை என்று வந்து தொலைக்கும். ஏதோ கறுப்புப் பணம் கலந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பில் பிழைக்கும் எனக்கு இப்படிப்பட்ட சொற்களோடு மல்லுக்கட்டுவது பழக்கம். இங்கே வட்டி நீங்கிய விலை, வட்டி சேர்ந்த விலை என்றே சொல்லிவிடுகிறேன். அழுக்கு எங்கும் இல்லை.

வட்டி சேர்ந்த விலையையே திரையில் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் எதற்கு என்று கேட்கலாம். போட்டால் வேறொரு குழப்பம் வரும். இந்தப் பத்திரத்தில் ஒரு லட்சம் முகமதிப்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 19 ரூபாய் 94 காசு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கிறது. நாட்டில் வட்டி விகிதம் இம்மியும் மாறாவிட்டாலும் வட்டி சேர்ந்த விலை தினமும் அந்த அளவு ஏறும். ஆறு மாதம் ஏறி, கூப்பன் நாளன்று ஒரே மூச்சில் 3,590 ரூபாய் இறங்கும். மறுபடி ஏறும். வரைபடம் போட்டால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். நேற்று 107.57, இன்று 107.59 என்றால், சந்தையில் பத்திரத்துக்குக் கிராக்கி கூடியதா, அல்லது ஒரு நாள் கழிந்ததா என்று தெரியாது. வட்டியை நீக்கிவிட்டால் மிஞ்சும் விலையின் அசைவுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: சந்தை எதிர்பார்க்கும் வட்டி விகிதம் மாறியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் வணிகத் திரையில் வட்டி நீங்கிய விலையை வைத்தே பேரம் நடப்பதற்கு இதுதான் காரணம்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்கு ஒரு விளக்கம். சேர்ந்த வட்டியை நேர்கோட்டுக் கணக்காக, நாளுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். பத்திரத்தின் உண்மையான மதிப்போ கூட்டு வட்டியில் வளர்கிறது. இரண்டும் கூப்பன் நாட்களில் மட்டுமே துல்லியமாகப் பொருந்தும். நம் பத்திரத்துக்குச் சந்தை எதிர்பார்க்கும் விகிதமும் அதே 7.18 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், கூப்பன் நாளில் விலை சரியாக 100. ஆனால் 130 நாள் கழித்து வட்டி நீங்கிய விலை 99.987 என்று நிற்கும். நூறு ரூபாய்க்கு ஒன்றே கால் காசு. கோடிகளில் புரளும் வங்கிக்காரர் கவனிப்பார். நமக்கு, இது தவறு அல்ல என்று தெரிந்திருந்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். ஒரு லட்சம் முகமதிப்புக்கு நீங்கள் கொடுத்த ரூ. 1,07,592.78-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகை 7,592.78. இதை மொத்தமாக 'கூடுதல் விலை' என்று நினைப்பதுதான் சிக்கல். இதில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கிறது. சேர்ந்த வட்டியான 2,592.78, ஐம்பதே நாளில் முழுதாகத் திரும்பி வந்துவிடும். அதற்கு முகமதிப்பு கிடையாது, ஆயுளும் அந்தக் கூப்பன் நாள் வரைக்கும்தான். 5,000 ரூபாயின் கதை வேறு. 2033-இல் அரசு உங்களுக்குத் திருப்பித் தருவது ஒரு லட்சம் மட்டும். அந்த 5,000, எட்டு ஆண்டுகளில் வரும் கூப்பன்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஈடாக வேண்டும். வாங்குகிற நாளில் வங்கி டெபாசிட்டைவிட நல்ல வட்டி தரும் பத்திரமாக இது தெரிவதால்தான் மற்றவர்களும் முண்டியடித்து விலையை 105-க்கு ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் வட்டிக்கான விலை அது.

ஆகவே 7,180 ரூபாய் வட்டியை 1,07,592-ஆல் வகுத்து, '6.67 சதவிகிதம் வருமானம்' என்று கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் தப்பு. சேர்ந்த வட்டியை முதலீட்டு மூலதனமாக எண்ணியது ஒரு தப்பு. 5,000 ரூபாய் கரைவதை மறந்தது இன்னொரு தப்பு. முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 6.4 சதவிகிதம்தான். வாங்கும் திரையிலேயே விலைக்குப் பக்கத்தில் இந்த விகிதம் போட்டிருக்கும். பத்திரங்களை ஒப்பிடும்போது பார்க்க வேண்டிய எண் அதுதான். விலையும் அல்ல, பெயரில் இருக்கும் 7.18-உம் அல்ல.

ஏலத்தில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் நினைக்கலாம். உண்டு. ரிசர்வ் வங்கி ஒவ்வொரு ஏலத்திலும் புத்தம் புதிய பத்திரத்தை விற்பதில்லை. பழைய பத்திரத்தையே மேலும் கொஞ்சம் வெளியிடுவது சகஜம். அப்போது விற்பவர் அரசாங்கமே என்றாலும், கடைசிக் கூப்பன் நாளிலிருந்து சேர்ந்த வட்டியை நீங்கள் கட்டத்தான் வேண்டும். இரண்டு மாதம் வைத்திருந்தவருக்கு ஆறு மாத வட்டியை முழுதாக அரசு தரப்போகிறது அல்லவா. வட்டியே இல்லாமல் தள்ளுபடி விலையில் விற்கப்படும் கருவூல உண்டியல்களில்தான் இந்தக் கேள்வியே எழாது.

நாட்களை எண்ணும் முறை எல்லாப் பத்திரங்களுக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியார், பொதுத்துறை நிறுவனங்களின் பட்டியலிடப்பட்ட பத்திரங்களுக்குக் காலண்டரில் உள்ளபடி நாட்களை எண்ணி, ஆண்டின் உண்மையான நாட்களால் வகுக்கச் சொல்கிறது செபி. நம் உதாரணத்தில் வேடிக்கையாக, பிப்ரவரி 14 முதல் ஜூன் 24 வரை காலண்டர்படி எண்ணினாலும் 130 நாள்தான். பிப்ரவரியில் குறைந்ததை மார்ச்சும் மே மாதமும் ஈடுகட்டிவிட்டன. ஆனால் 360-க்குப் பதில் 365-ஆல் வகுத்தால் சேர்ந்த வட்டி 2,557.26 ஆகிவிடும். 35 ரூபாய்க்குமேல் வித்தியாசம். ஒப்பந்தச் சீட்டில் உள்ள தொகை உங்கள் கணக்கோடு சில பத்து ரூபாய் ஒத்துவரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வகுக்கும் எண்ணை. சில நூறு ரூபாய் ஒத்துவரவில்லை என்றால் கடைசிக் கூப்பன் தேதியை. ஒரு நாள் வட்டி மட்டும் இடித்தால், ஒப்பந்த நாளுக்கும் பணம் கை மாறும் நாளுக்கும் இடையே தடுமாறியிருக்கிறீர்கள்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் பொதுமக்களுக்கு வெளியிடும் கடன் பத்திரங்கள் பங்குச் சந்தைகளில் பங்குகளோடு பங்காக, அதே திரையில் விற்கப்பட்டு வந்திருக்கின்றன. பங்குக்கு ஏது சேர்ந்த வட்டி? அதனால் அந்தப் பிரிவின் மரபு, வட்டி சேர்ந்த விலை. அதாவது ஒரே நாட்டில், ஒரே மாதிரிப் பொருளுக்கு, ஒரு சந்தையில் திரை விலை வட்டி நீங்கியது. இன்னொன்றில் வட்டி சேர்ந்தது. இதை எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு கற்பனைப் பத்திரம்: முகமதிப்பு 1,000 ரூபாய், ஆண்டுக்கு ஒரு முறை 9 சதவிகித வட்டி. கடைசி வட்டி கொடுத்துப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. பங்குச் சந்தைத் திரையில் விலை 1,070. 'அதிக விலைக்குப் போகிறது' என்று ஒருவர் ஒதுங்கிவிடுகிறார். ஆனால் பதினோரு மாதத்துக்கு 82 ரூபாய் 50 காசு வட்டி சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 987.50. முகமதிப்பைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது! அந்த நிறுவனத்தின் மீது சந்தைக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய விலையை, 'பிரீமியம்' என்று படித்துவிட்டார் அவர். இதற்கு நேர்மாறாக, வட்டிக்கான பதிவு நாள் கழிந்ததும் விலை எண்பது, தொண்ணூறு ரூபாய் சரிவதைப் பார்த்து, நிறுவனம் மூழ்கப்போகிறது என்று பதறி விற்கிறவர்களும் உண்டு. சரிந்தது வட்டி மட்டும்தான். அது வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கிறது.

பதிவு நாள் என்பது, வட்டி யாருக்குப் போக வேண்டும் என்று நிறுவனம் பட்டியலை மூடும் நாள். வட்டி நாளுக்குச் சில நாட்கள் முன்பே அது வந்துவிடும். பதிவு நாளுக்குப் பிறகு, வட்டி நாளுக்கு முன்பு வாங்குகிறவருக்கு அந்த வட்டி கிடைக்காது, விற்றவருக்கே போகும். ஆனால் இடைப்பட்ட சில நாட்கள் பத்திரம் வாங்கியவரிடம் இருக்கிறது. அந்த நாட்களின் வட்டியை விற்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆக, இங்கே கணக்கு தலைகீழ்: வட்டியைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். இந்த நாட்களில் வாங்கினால் விலையை இரண்டு முறை பார்ப்பது நல்லது. அரசுப் பத்திரங்களில் இந்த இடைவெளி ஒரே ஒரு நாள். கூப்பனுக்கு முந்தைய நாள் கணக்குத் தீர்க்கும்படி அவற்றை விற்கவோ வாங்கவோ முடியாது என்று கதவை அடைத்துவிடுகிறார்கள். அதனால் கழிக்கிற வேலையும் இல்லை.

'யாருக்கும் நஷ்டம் இல்லை' என்று மேலே சொன்னேன். வருமான வரி இலாகா வருகிற வரைக்கும்தான் அது. ஆகஸ்டு 14 அன்று வந்த 3,590 ரூபாயும் உங்கள் கணக்கில் வட்டி வருமானம். அதில் 2,592.78 நீங்கள் விலை கொடுத்து வாங்கியது. அதைக் கழித்துக்கொண்டு 997 ரூபாய்க்கு மட்டும் வரி கட்டலாமா? நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி நம் நீதிமன்றங்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்திருக்கிறது. கழிக்கக் கேட்டு முதலில் உச்ச நீதிமன்றம் வரை போனவை வங்கிகள். விஜயா வங்கி வழக்கில், 1990-களின் தொடக்கத்தில், நீதிமன்றம் வங்கியின் வாதத்தை ஏற்கவில்லை. விலையை எப்படிக் கூறுபோட்டு நிர்ணயித்திருந்தாலும், கொடுத்த பணம் முழுவதும் பத்திரத்தை வாங்கக் கொடுத்த விலைதான். அது மூலதனச் செலவு. வட்டி வருமானத்திலிருந்து கழிக்க முடியாது என்றது. பிற்பாடு பம்பாய் உயர் நீதிமன்றம் 2002-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில் வேறு நிலை எடுத்தது. பத்திரங்களை வியாபாரச் சரக்காக வைத்திருக்கும் வங்கிக்கு இது வியாபாரச் செலவுதான் என்றது. வரி இலாகா விடவில்லை. கடைசியாக 2024 அக்டோபரில் பேங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வியாபாரச் சரக்காக வைத்திருந்தால் கழிக்கலாம். முதலீடாக வைத்திருந்தால் முடியாது. எது எப்படி என்பதை அந்தந்த வழக்கின் விவரங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஓய்வூதியப் பணத்தில் ஒரு லட்சத்துக்குப் பத்திரம் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கும் மனிதர் வியாபாரி அல்ல. இந்தத் தீர்ப்புகளின் தர்க்கம் அவரை முதலீட்டாளர் பக்கம்தான் தள்ளுகிறது. முழு 3,590-க்கும் வரி; கொடுத்த 2,592.78, பத்திரத்தின் அடக்க விலையில் சேர்ந்து, விற்கும்போதோ முதிரும்போதோ மூலதன நஷ்டமாகத் தலைகாட்டும். மூலதன நஷ்டத்தை வட்டி வருமானத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. 30 சதவிகித வரம்பில் இருப்பவருக்கு இதனால் ஆகும் செலவு சுமார் 778 ரூபாய், செஸ் தனி. ஐம்பது நாள் சம்பாத்தியமான 997-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சிறிய தொகை அல்ல. இதே பத்திரத்தைக் கூப்பன் நாள் கழிந்த முதல் வாரத்தில் வாங்கினால் சேர்ந்த வட்டி நூறு இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். வரியும் அந்த அளவுக்குச் சுருங்கும். அவசரம் இல்லாதவர், விலையும் விகிதமும் சாதகமாக இருந்தால், ஜூன் 24-க்குப் பதில் ஆகஸ்டு 18 வரை காத்திருக்கலாம்.

காத்திருக்க முடியாதவர் ஒப்பந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதில்தான் 1,05,000 தனியாகவும் 2,592.78 தனியாகவும் அச்சாகியிருக்கும். வங்கியின் பாஸ்புக்கில் இருப்பது ஒரே வரி. எட்டு ஆண்டு கழித்து அடக்க விலை என்ன என்று ஆடிட்டர் கேட்கும்போது அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.